ஏர்போர்ட்டில் கேட்பது ஒன்று, ஊரில் கடிப்பது இன்னொன்று: உறவினரைப் பார்க்க ஆப்பிரிக்கா போகிறீர்களா?

சென்னை வளசரவாக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர், மனைவி, கைக்குழந்தை, 64 வயது பாட்டி. கணவரின் அண்ணன் எட்டு வருஷமாக உகாண்டா தலைநகர் கம்பாலாவில் வேலை பார்க்கிறார். டிசம்பர் 20 கிளம்பி ஜனவரி 4 திரும்புவதாக பிளான். டிக்கெட் போட்டாச்சு. அடுத்தது விசா. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சான்றிதழைப் பதிவேற்றச் சொல்கிறது. ஆக, அந்த ஊசியை யாரும் மறக்க முடியாது.

மலேரியா மாத்திரையை யாரும் கேட்பதில்லை. விசா பக்கத்திலும் இல்லை, இமிக்ரேஷன் கவுன்ட்டரிலும் இல்லை. பல குடும்பங்கள் கோட்டை விடும் இடம் இதுதான். மஞ்சள் அட்டை கையில் வந்ததுமே ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்ற நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால், இரண்டு வாரப் பயணத்தில் அந்தக் குடும்பத்துக்கு நிஜமாகவே வர வாய்ப்பு அதிகமுள்ள, உயிருக்கு ஆபத்தான நோய் மலேரியாதான்.

அட்டை விஷயத்திலும் ஒரு சிக்கல்

மஞ்சள் காய்ச்சல் ஊசியை எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். கிழமை, முன்பதிவு விவரங்களைக் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். ஒரே டோஸ், ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால், போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் நடைமுறைக்கு வரும். டிசம்பர் 20 பயணம் என்றால் டிசம்பர் 10-தான் கடைசித் தேதி.

பெரியவர்களுக்கு இது எளிய கணக்கு. குழந்தைக்கு அப்படியில்லை. இந்தக் குழந்தைக்கு நவம்பர் 20-ல் 9 மாதம் முடிகிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போடத் தொடங்கும் வயது அது. தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் அதே 9 மாதத்தில்தான் வருகிறது. இரண்டுமே உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசிகள் என்பதால் நடுவில் 4 வாரம் இடைவெளி விடுவது வழக்கம். வழக்கம்போல நவம்பர் 20 அன்று தட்டம்மை ஊசியைப் போட்டுவிட்டு வந்தால், மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு டிசம்பர் 18 வரை காத்திருக்க வேண்டும். 10 நாள் கணக்கு அதோடு காலி.

உகாண்டா ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அட்டை கேட்பதில்லை, உண்மைதான். ஆனால், திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். இங்கே இன்னும் சிறிய கைக்குழந்தைகளுக்கு மட்டுமே விலக்கு. இந்த நோய் இந்தியாவில் இல்லை. பரப்பக்கூடிய ஏடிஸ் கொசுவோ தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால்தான் சான்றிதழ் இல்லாமல் இறங்குபவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தும் அளவுக்குக் கறார். வழி என்ன? குழந்தைகள் நல டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, 9 மாதம் முடிந்ததும் மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் போட்டுவிட்டு, டிசம்பர் 18-ல் தட்டம்மை ஊசியை வைத்துக்கொள்ளலாம். சில நாடுகளின் வழிகாட்டுதலில் இரண்டையும் ஒரே நாளில் போடவும் இடமுண்டு. எதுவானாலும் முடிவு முதல் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டியது.

பாட்டிக்குக் கதை வேறு. 60 வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசியைப் போடும்போது, அரிதான ஆனால் கடுமையான பக்கவிளைவுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. ‘எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டுக்கிறேன்’ என்று வரிசையில் நிற்காமல், அவருடைய உடல்நிலையையும் சாப்பிடும் மருந்துகளையும் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது. டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் அதே சந்திப்பில் கேட்டுவிடலாம்.

‘நாங்க என்ன மாத்திரையா போடுறோம்?’

மலேரியா பேச்சை எடுத்தாலே அண்ணன் வீட்டிலிருந்து வரும் பதில் இது. ‘எட்டு வருஷமா இருக்கோம், ஒண்ணும் ஆகல. சும்மா வாங்க’. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால், அவருக்கு இருக்கும் ஒரு வசதி விருந்தாளிக்கு இல்லை. கம்பாலாவில் காய்ச்சல் என்றால் முதல் சந்தேகமே மலேரியாதான். அன்றே ரத்தப் பரிசோதனை, அன்றே மருந்து. விருந்தாளிக்கோ காய்ச்சல் பெரும்பாலும் சென்னை திரும்பிய பிறகு வரும். இங்கே டாக்டர் முதலில் வைரல் என்பார், அடுத்து டெங்கு என்பார்.

‘நம்ம ஊர்ல பார்க்காத மலேரியாவா?’ என்பது அடுத்த சமாதானம். சென்னையில் பலரும் பார்த்தது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆட்டிப்படைக்கும், ஆனால் உயிரைப் பறிப்பது குறைவு. உகாண்டாவில் பெரும்பாலும் ஃபால்சிபேரம். மூளை, சிறுநீரகம் என்று பாயும்; சிகிச்சை ஓரிரு நாள் தள்ளிப்போனாலே நிலைமை கைமீறலாம். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய குளோரோகுயின் அங்கே உதவாது. அந்தக் கிருமி அதற்குப் பழகிவிட்டது.

கணவருக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினால், தினம் 100 மி.கி. ஒன்று. டிசம்பர் 18-ல் தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம், அதாவது பிப்ரவரி 1 வரை. மொத்தம் 46 மாத்திரை. சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். இந்த மருந்து 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆகாது. தாய்ப்பால் கொடுக்கும் மனைவிக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

அவர்கள் இருவருக்கும் ஒரு தேர்வு மெஃப்ளோகுயின். வாரம் ஒருமுறை, குழந்தைக்கு எடை பார்த்து மாத்திரையில் ஒரு பங்கு. கிளம்புவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே தொடங்க வேண்டும். டிசம்பர் 6-ல் ஆரம்பித்தால் ஜனவரி 31 வரை 9 வேளை. மன அழுத்தம், வலிப்பு போன்ற பிரச்சினை முன்பு இருந்திருந்தால் இது வேண்டாம். அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அம்மா மாத்திரை போட்டால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பாலில் போகும் அளவு அதற்குப் போதாது.

ஊர் திரும்பிய பிறகும் எதற்கு 4 வாரம்? கடித்த கொசுவிடமிருந்து வரும் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய், ஒரு வாரமோ அதற்கு மேலோ பதுங்கியிருந்து, பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. இந்த இரண்டு மருந்துகளும் அதைப் பிடிப்பது ரத்தத்தில்தான். கடைசி நாள் கம்பாலாவில் வாங்கிய கடிக்குச் சென்னையில் போடும் மாத்திரைதான் பதில். ‘வந்தாச்சே’ என்று நிறுத்துபவர்கள் மாட்டுவது இப்படித்தான்.

ஹோட்டலில் தங்கும் டூரிஸ்ட் ஏசி அறையில் கதவைச் சாத்திவிடுவார். சொந்தக்காரர் வீட்டில் அப்படியா? இருட்டியபிறகும் வாசலில் உட்கார்ந்து பேச்சு, குழந்தை கை மாறி கை மாறி மடிகளில். அனாஃபிலிஸ் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. முழுக்கை உடை, டீட் கலந்த பூச்சு, குழந்தைக்கு மருந்து தோய்த்த கொசுவலை ஆகியவை கட்டாயம். எந்த மாத்திரையும் நூறு சதவீதம் காக்காது என்பதால், வலை பெட்டியில் இருந்தே ஆக வேண்டும்.

திரும்பி வந்து 3 மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியமே ‘உகாண்டா போய்ட்டு வந்தோம்’ என்பதாக இருக்கட்டும். மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும்தான். மலேரியா ரத்தப் பரிசோதனையை அன்றே எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். முதல் முடிவு நெகட்டிவ், ஆனால் காய்ச்சல் நிற்கவில்லை என்றால், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.