முகவரி மாறினால் பரீட்சை நிலையமும் மாறுமா?

2025 ஆம் ஆண்டுக்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சை நவம்பர் 10 இல் தொடங்கியது. மாத இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்ததால் அது இடைநிறுத்தப்பட்டது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரி 12 முதல்தான் மீண்டும் நடந்தன. இதற்கிடையில் களனி கங்கைக் கரையில் பல குடும்பங்களின் இருப்பிடமே மாறிவிட்டது. நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் 7 அடியைத் தொட்டாலே அது பெருவெள்ளம் என்பது கொழும்பு வடக்கில் வாழ்பவர்களுக்குத் தெரியும். பரீட்சையின் முதற்பாதியை ஒரு வீட்டிலிருந்து எழுதிய பிள்ளை, மறுபாதியை வேறோர் இடத்திலிருந்து எழுத நேர்கிறது. அவளுடைய அனுமதி அட்டையில் இருப்பதோ பழைய நிலையம்.

நிலையத்தை மாற்றித் தருவதில் பரீட்சைத் திணைக்களம் தயக்கம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் அங்கே எழுதும் சுட்டெண்களைக் கணக்கிட்டே வினாத்தாள்கள் பொதி செய்யப்படுகின்றன. பாடமும் மொழிமூலமும் அந்தக் கணக்கில் அடங்கும். புதிய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிலையம் இருந்தால் மட்டும் போதாது. அங்கே தமிழ் மொழிமூலமும், இஸ்லாமிய நாகரிகம், அரபு போன்ற நம் பாடங்களும் இருக்க வேண்டும். ஆகவே இன்ன பாடசாலைதான் வேண்டும் என்று கேட்பதைவிட, "வெள்ளவத்தை, இயலாவிட்டால் கொட்டாஞ்சேனை" என்று இரண்டு இடங்களைக் குறிப்பிட்டு, பாடங்களையும் மொழிமூலத்தையும் எழுதிக் கேட்பதே பயன் தரும்.

வெல்லம்பிட்டியில் வீடு மூழ்கி, வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகள் பாடசாலைப் பரீட்சார்த்தி என்றால் கோரிக்கை அதிபர் மூலமாகப் போக வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தி என்றால் அவளே திணைக்களத்துக்கு எழுத வேண்டும். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், அடையாள அட்டை இலக்கம், சுட்டெண், தற்போதைய நிலையம், இடம்பெயர்ந்த திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். அனுமதி அட்டையின் பிரதியையும் இணைக்க வேண்டும்.

சிக்கல் வருவது முகவரிச் சான்றில்தான். மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரரின் பெயரில் இருக்கும். வாக்காளர் இடாப்பிலோ வாப்பாவின் பெயர் இன்னும் வெல்லம்பிட்டியில் இருக்கும். புதிய பிரிவின் கிராம உத்தியோகத்தருக்கு இவர்களைத் தெரியாது. இந்த நிலையில் இரண்டு கடிதங்கள் தேவைப்படுகின்றன. வீடு பாதிக்கப்பட்டதையும் குடும்பம் வெளியேறிய திகதியையும் பழைய பிரிவின் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். இப்போது எங்கே வசிக்கிறார்கள் என்பதை, வாடகை உடன்படிக்கையையோ வீட்டுக்காரரின் கடிதத்தையோ பார்த்துப் புதிய பிரிவின் உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். அவற்றில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருந்தால் கேள்விக்கு இடமிருக்காது. இரண்டு கடிதங்களிலும் திகதி பொருந்தாவிட்டால், அல்லது பெயரின் எழுத்துக்கள் அனுமதி அட்டையிலிருந்து வேறுபட்டால், கோரிக்கை அங்கேயே தடைப்படும்.

நோய் காரணமாகக் கேட்பவருக்கு முகவரி முக்கியமல்ல, இயலாமைதான் முக்கியம். "சுகவீனமுற்றுள்ளார்" என்ற ஒரு வரி மருத்துவச் சான்றிதழால் எதுவும் தெரியவராது. கால் முறிந்து கட்டுப் போடப்பட்டுள்ளது, படியேற முடியாது, இன்ன திகதிவரை இந்த நிலை நீடிக்கும் என்று அரச வைத்தியசாலை மருத்துவர் எழுதினால்தான் தீர்மானிக்க முடியும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்காகப் பரீட்சை நிலையம் அமைக்கப்பட்டதுண்டு. எனவே இது இல்லாத வழியைக் கேட்பதல்ல.

அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை வேறொரு நிலையத்துக்குப் போய் நிற்பது ஆபத்தானது. அங்கே வரவுப் பதிவில் பெயரும் இருக்காது, வினாத்தாளும் இருக்காது. கடிதம் கிடைத்தால் அதை அனுமதி அட்டையுடனும் அடையாள அட்டையுடனும் கொண்டுபோக வேண்டும். பதில் வராவிட்டால் 1911 என்ற இலக்கத்தில் திணைக்களத்தைக் கேட்கலாம்.

என் கருத்து இதுதான். சாதாரண காலத்தில் இத்தனை சான்றும் கேட்பது நியாயமே. நல்ல மேற்பார்வை உள்ளது என்று பேர்பெற்ற நிலையத்தைத் தவிர்க்கவும் சிலர் முகவரியை மாற்றிச் சொல்லக்கூடும். ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய பிரிவுகள் எவை என்று பிரதேச செயலகங்களிடம் பட்டியல் இருக்கிறது. நிவாரணம் வழங்க அந்தப் பட்டியல் போதுமென்றால், நிலையம் மாற்றவும் அது போதும். அதில் பெயருள்ள குடும்பத்தின் பிள்ளையிடம் இரண்டாவது முகவரிச் சான்று கேட்கக் கூடாது. ஆவணப் பெட்டியே ஆற்றோடு போன வீட்டில் மின்சாரப் பட்டியலை எங்கே தேடுவது? பரீட்சைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னராவது ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் வர வேண்டும். இல்லை என்ற பதில்கூட நேரத்தோடு வந்தால், பழைய நிலையத்துக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் தங்குவதற்கு உம்மாவும் வாப்பாவும் ஏற்பாடு செய்துகொள்வார்கள்.