லாஜிக் சரியா இருந்தா போதுமாய்யா?

"என் வாதத்துல லாஜிக் எங்க தப்புன்னு காட்டு, அப்புறம் பேசு." இந்த டயலாக்கைக் கேட்டாலே எனக்குக் கடுப்பாகும். சொல்பவர்கள் பெரும்பாலும் நம்ம ஜாதிதான். டிஸ்க்ரீட் மேத்ஸ் பேப்பரில் ட்ரூத் டேபிள் போட்டுப் பாஸானவர்கள். வாதம் 'வேலிட்' என்றால் முடிவு நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பு.

வேலிட் என்பதற்கு அர்த்தம் ரொம்பக் கொஞ்சம்தான். முன்கூற்றுகள் எல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால், முடிவு பொய்யாக இருக்கவே முடியாது. அவ்வளவே. அவை நிஜமாகவே உண்மையா என்ற கேள்வி அதில் கிடையாது. 'கடலோர ஊர் எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். குமணன்சாவடி கடலோர ஊர். ஆகவே குமணன்சாவடி திருவள்ளூர் மாவட்டம்.' இது பக்கா வேலிட். முடிவுகூட உண்மை. ஆனால் முன்கூற்று இரண்டும் டுபாக்கூர். வேலிடாகவும் இருந்து, முன்கூற்றுகளும் உண்மையாக இருந்தால்தான் அது 'சவுண்ட்'. கம்பைல் ஆன புரோகிராம் எல்லாம் சரியான விடை தரும் என்று நம்மில் எவனாவது சொல்வானா?

இப்போது எங்க ஏரியா மேட்டர். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை போகும் வழித்தடத்தில் குமணன்சாவடியும் ஒரு ஸ்டேஷன். மனை விற்பவர் வாதம் இப்படிப் போகும்: 'மெட்ரோ வந்தா விலை ஏறும். இங்க விலை ஏறியிருக்கு. அப்போ மெட்ரோவாலதான்.' இது வேலிடே இல்லை. மெட்ரோ வாசனையே படாத ஊரிலும் மனை விலை ஏறுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் 'பின்னதை வைத்து முன்னதை நிறுவுதல்' என்கிற மாதிரி ஒரு பெயர் இருக்கும்.

தப்பைக் காட்டினால் அவர் என்ன செய்வார் தெரியுமா? ஒரு வரி சேர்ப்பார். 'விலை ஏறுகிற இடத்தில் எல்லாம் காரணம் மெட்ரோதான்.' இப்போது வாதம் வேலிட் ஆகிவிட்டது! ஓட்டை அடைபடவில்லை, வடிவத்திலிருந்து முன்கூற்றுக்கு இடம் மாறியிருக்கிறது. எந்த ஓட்டை வாதத்தையும் ஒரே ஒரு வரி போட்டு வேலிட் ஆக்கலாம். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற சரக்கை வைத்துக்கொண்டுதான் இந்த அலட்டல்.

நிற்க. இதையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள், எங்க ஊர் வழியாகப் போகும் அதே சாலையில் காஞ்சிபுரம் வரை போகவும். மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அங்கேதான் பௌத்த தர்க்கம் சொல்லிக் கொடுக்கிறார். பக்கம் என்பது நிறுவ வேண்டியது, ஏது என்பது காரணம், திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. ஒவ்வொன்றிலும் வரும் போலிகளையும் எண்ணிச் சொல்கிறார்: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலை ஒட்டியது இந்தப் பகுதி என்பார்கள் ஆய்வாளர்கள்.

எனக்குப் பிடித்தது ஏதுப் போலிதான். தூரத்தில் தெரிவது பனியா புகையா என்று சந்தேகம் இருக்கும்போதே 'புகை, ஆகவே நெருப்பு' என்று துணிந்தால் அது அசித்தம். 'புகை இருந்தால் நெருப்பு உண்டு' என்ற விதியில் கோளாறு இல்லை. ஆனால் கண்ணெதிரே இருப்பது புகை என்பதே உறுதியாகவில்லை. நம்ம பாடத்திட்டத்தில் 'வேலிட், ஆனால் முன்கூற்று சந்தேகம்' என்று எழுதி மார்க் போட்டுவிடுவார்கள். அடிகளோ அதை வாதத்தின் குற்றமாகவே வைக்கிறார்.

இன்னொன்று அநைகாந்திகம். 'ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுவது.' அழிகிற குடமும் அறியப்படுகிறது, அழியாததாக அவர்கள் கொண்ட ஆகாயமும் அறியப்படுகிறது. இரண்டு பக்கமும் போய் உட்காரும் காரணம் எதையும் நிறுவாது. மனைக்காரரின் 'விலை ஏறியிருக்கு' அச்சு அசல் இதே கேஸ்.

அதற்காக 'அப்பவே எல்லாம் நம்மகிட்ட இருந்துச்சு' என்று யாரும் கிளம்ப வேண்டாம். வடிவத்தை மட்டும் தனியாகக் கழற்றிப் பரிசோதிக்கிற வேலை அந்த முறையில் இல்லை. மனைக்காரரின் முதல் வாதமும், ஒரு வரி சேர்த்த இரண்டாவது வாதமும் அங்கே ஒரே பெட்டியில்தான் விழும். ஆனால் ரிப்பேர் வேறு வேறு. முதலாவதற்கு எத்தனை பத்திரப் பதிவு விவரம் கொண்டு வந்து விலை ஏறியதை நிரூபித்தாலும் பிரயோஜனம் இல்லை, வாதத்தின் அமைப்பே தப்பு. இரண்டாவதற்கு மெட்ரோ இல்லாமலே விலை ஏறிய ஒரே ஒரு ஊரைக் காட்டினால் கதை முடிந்தது. அதனால் வேலிடிட்டியைத் தனியாகப் பார்க்கிற பழக்கம் வேண்டும். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவதுதான் என் பிரச்சினை.

எதிர்க்கோஷ்டிக்கும் ஒன்று. வாதத்தில் போலி இருக்கிறது என்று கண்டுபிடித்தவுடன் 'ஆகவே குமணன்சாவடியில் விலை ஏறியதுக்கு மெட்ரோ காரணமே இல்ல' என்று துள்ளாதீர்கள். வாதம் விழுந்தது, முடிவு விழவில்லை. மெட்ரோவாலும் ஏறியிருக்கலாம். அதற்கு வேறு வாதம் வேண்டும், வேறு ஏது வேண்டும். அதை யார் கொண்டு வந்தாலும், புகையா பனியா என்று முதலில் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் :-)