ஒப்புதல் வருமுன் திருத்துக



அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, இடப்பள்ளியில் எங்கள் தெருவில் வாழும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வர்ணம் பூசும் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர். மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டின் மதிற்சுவருக்கு அன்று காலை அவர் கொடுத்த விலைப்புள்ளியின் நகல் கையில் இருந்தது. கொட்டேஷன் என்று நாம் வழங்குவது அதுவே.

சுவரின் நீளம் 100 அடி; உயரம் 5 அடி. இருபுறமும் சேர்த்துப் பரப்பு 1,000 சதுர அடி. சதுர அடிக்கு 18 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் ஆகவேண்டும். அவரோ ஒருபுறத்தை மட்டும் கணக்கிட்டு 9,000 ரூபாய் என எழுதிவிட்டார். ஆனால் மேலே வேலை விவரத்தில் ‘இருபுறமும், இரண்டு பூச்சு’ என்றே இருந்தது. அத்தொகையில் வர்ணமும் ஆட்கூலியும் அடங்கா.

“தம்பி, வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. வேலையைத் தொடங்கியபின் பக்குவமாய்ச் சொல்லிக்கொள்ளலாமா?” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி. அவர் சம்மதிக்கும்வரை அது உங்கள் சொல் மட்டுமே. சம்மதித்துவிட்டால் இருவரையும் கட்டும் ஒப்பந்தம்” என்றேன்.

இது என் சொந்தக் கருத்தன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 4, 5ஆம் பிரிவுகளில் இதனை வகுத்திருக்கிறது. ஒருவர் முன்மொழிந்ததை, எதிர்த்தரப்பார் தம் ஒப்புதலை அனுப்பும்வரை திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பப் பெறும் செய்தி, அவர் அறிந்த பின்னரே அவரைக் கட்டுப்படுத்தும். நாம் அனுப்பிய நேரம் கணக்கில் வாராது.

இங்கிலாந்தில் 1880இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும். கார்டிஃப் நகர வணிகர் 1879 அக்டோபர் 1ஆம் நாள், 1,000 பெட்டித் தகரத் தகடுகளுக்கு விலை கூறி நியூயார்க்கிற்குக் கடிதம் எழுதினார். 8ஆம் நாள் மனம் மாறி, விலையைத் திரும்பப் பெறுவதாக மறுகடிதம் விடுத்தார். முதற் கடிதம் 11ஆம் நாள் கிடைத்ததும் நியூயார்க்கார் தந்தி மூலம் சம்மதித்துவிட்டனர். மறுகடிதம் சென்று சேர்ந்ததோ 20ஆம் நாள். ஒப்பந்தம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. அஞ்சலிலிருந்த கடிதம் வணிகரைக் காக்கவில்லை.

ஆதலால், பெரியவர் முதலில் தொலைபேசியில் வீட்டுக்காரரிடமே பேசினார். “காலையில் தந்த விலைப்புள்ளியில் பிழை உள்ளது, அதனைத் திரும்பப் பெறுகிறேன்” என்றார். அதன்பின் இருவரும் அமர்ந்து கடிதம் எழுதினோம். பழைய எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அது இரத்தாகிறது என்று முதல் வரியிலேயே தெரிவித்தோம். பிழை எங்கே நேர்ந்தது என்பதை ஒரே வரியில் காட்டினோம்: ஒருபுறம் 500 சதுர அடி, இருபுறமும் 1,000. திருத்திய தொகைக்குப் புதிய எண்ணிட்டோம். பழைய எண்ணிலேயே தொகையை மாற்றினால் இரண்டு தாள்கள் உலவும்; எது செல்லும் என்ற வழக்கு எழும். மறுநாட் காலை பெரியவர் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினார். கைப்பேசியில் அனுப்பிய தாளை அழித்துவிட்டால் போதும் என்று எண்ணற்க. அவர் முன்னமே படித்திருக்கக்கூடும்.

சம்மதம் வந்துவிட்ட பின்னர் என்ன செய்வது? பிழை வெளிப்படையானதாயின் ஒரு வழி உண்டு. 1939இல் லண்டனில் தீர்ப்பான ஒரு வழக்கில், முயல் தோலுக்கு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூறவேண்டிய விலையை விற்பவர் ராத்தலுக்கு எனத் தவறாகக் கூறியிருந்தார். ராத்தலுக்கு ஏறத்தாழ மூன்று தோல்கள். பேச்சு முழுதும் தோல் ஒன்றுக்கே நடந்திருந்ததால், பிழையை வாங்குபவர் அறிந்தேயிருக்க வேண்டும் எனக் கருதிய நீதிமன்றம், அவருக்கு இழப்பீடு மறுத்தது. ஆயினும் அந்த வழி நீதிமன்றத்தின் வாயில்வரை செல்வது. ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு அது ஈடாகாது. மூடி முத்திரையிட்ட டெண்டருக்கோ விதி வேறு. திறந்தபின் விலகினால் முன்வைப்புத் தொகையை இழக்க நேரலாம். அதன் நிபந்தனைகளை முன்னரே படித்துக்கொள்ளுதல் வேண்டும்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்தார். பின்பு, “தெருப்பக்கம் மட்டும் பூசுங்கள், 9,000 தருகிறேன்” என்றார். அதற்கும் ஒரு புதிய எண்ணிட்டுத் தாள் எழுதினோம். வேலை பாதியானது; ஆனால் கைந்நட்டமில்லை. இப்பொழுது பெரியவர் தொகையை எழுதுமுன், வேலை விவரத்தின் ஒவ்வொரு சொல்லையும் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார். ‘இருபுறமும்’ என்ற சொல்லின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள் இழுக்கிறார்.