இணைப்பைச் சொடுக்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை



பள்ளிகளின் இணையப் பக்கங்களில் பயிற்சித்தாள், சுற்றறிக்கை, பாடநூல் பகுதி எனப் பலவும் பிடிஎஃப் கோப்புகளாகவே வெளிவருகின்றன. அவற்றிற்கு நாம் எழுதும் இணைப்போ பெரும்பாலும் 'இங்கே சொடுக்கவும்' என்ற இரண்டே சொற்களில் முடிந்துவிடுகிறது. சொடுக்கினால் என்ன வரும், எவ்வளவு பெரியது, திரையில் திறக்குமா, கைப்பேசிக்குள் இறங்கிவிடுமா என்ற எதுவும் அதில் இல்லை. இந்தச் சிறு குறையைக் குறித்தே இன்று எழுத விழைகிறேன்.

தமிழ் இணையத்தில் பிடிஎஃப் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றபோது ஒருங்குறி நம் கணினிகளில் பரவலாக வந்திருக்கவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் குறிகளாகச் சிதறித் தோன்றியது. பிடிஎஃப் கோப்போ எழுத்துருவைத் தன்னுள்ளேயே சுமந்து செல்லக்கூடியது. ஆகவே எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகக் காட்டியது. இன்று ஒருங்குறி எல்லாக் கைப்பேசிகளிலும் வந்துவிட்டது. எனினும் பிடிஎஃப் வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. அச்சிட வேண்டிய பயிற்சித்தாளுக்கு அது இன்றும் பொருத்தமானதே. எனவே, பிடிஎஃப் வேண்டாம் என்று நான் கூறவில்லை. அதன் வாசலில் என்ன எழுதி வைக்கிறோம் என்பதே என் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டு 4 கணிதத்தில் பின்னம் பற்றிய ஆறு பக்கப் பயிற்சித்தாள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆசிரியர் அதனைச் சொற்செயலியில் தட்டச்சு செய்து நேரடியாகப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கிறார். கோப்பு 320 கிலோபைட்டு. இன்னோர் ஆசிரியர் அதே தாள்களைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்குகிறார். பக்கத்திற்கு 4 மெகாபைட்டு என்றால் மொத்தம் 24 மெகாபைட்டு. முன்னதில் எழுத்துகள் எழுத்துகளாகவே உள்ளன. பின்னதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிழற்படம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்.

ஒரு பைட்டு என்பது எட்டு பிட்டு. வினாடிக்கு 2 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பில் முதற்கோப்பு ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இறங்கிவிடும். இரண்டாவது கோப்புக்கு 96 வினாடிகள் தேவை. முப்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் எல்லாரும் அதை இறக்கினால் 720 மெகாபைட்டு தரவு செலவாகும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த குடும்பங்கள் லகாட்டிலும் இருந்தன. முன்கட்டணத் தரவை நம்பியிருக்கும் தாய்க்கு 320 கிலோபைட்டும் 24 மெகாபைட்டும் ஒன்றல்ல. அவர் எதைச் சொடுக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்வது நம் கடமை.

சொல்வது கடினமன்று. இணைப்பின் எழுத்திலேயே மூன்று செய்திகளைச் சேர்த்தால் போதும்: கோப்பின் வகை, அளவு, பக்க எண்ணிக்கை.

```
<a href="pinnam.pdf">ஆண்டு 4 கணிதம்: பின்னம், பயிற்சித்தாள்
(பிடிஎஃப், 320 கே.பி., 6 பக்கம்)</a>
```

அடைப்புக்குறிக்குள் உள்ளவை இணைப்புக்கு வெளியே நிற்காமல் உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். பார்வைக் குறைபாடுள்ளோர் பயன்படுத்தும் திரைவாசிப்பி, ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் தனிப்பட்டியலாக வாசித்துக் காட்ட வல்லது. அப்பட்டியலில் 'இங்கே சொடுக்கவும்' என்பது பத்து முறை ஒலித்தால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? வகையும் அளவும் இணைப்புக்குள் இருந்தால் அவையும் சேர்ந்தே ஒலிக்கும். பிடிஎஃப் என்பதைக் காட்ட ஒரு சிறு படத்தை மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்வோரும் உளர். அப்படத்திற்கு மாற்று எழுத்து தராவிட்டால் திரைவாசிப்பி அதைச் சரிவர அறிவிக்காது. கண்ணுள்ளவருக்கும் அளவு தெரியாது.

அளவை எங்கே பார்ப்பது? விண்டோசு கணினியில் கோப்பின் மீது வலச்சொடுக்கிட்டு அதன் பண்புகளைத் திறந்தால் இரண்டு எண்கள் தோன்றும்: `Size`, `Size on disk`. முதலாவதையே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வட்டில் அக்கோப்பு பிடித்துக்கொள்ளும் இடம். 1.82 எம்.பி. எனக் காட்டினால் 1.8 எம்.பி. என எழுதினால் போதும். பெற்றோருக்கு வேண்டியது சிறியதா பெரியதா என்ற தெளிவே.

பிரிட்டன் அரசின் இணையத்தளம் தன் கோப்பு இணைப்புகளின் கீழ் வகை, அளவு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைத் தருகிறது. தமிழில் ஃபிரீதமிழ்இபுக்சு தளம் ஒவ்வொரு நூலுக்கும் மின்னூல் வகைகளைப் பெயரிட்டுத் தனித்தனி இணைப்பாகத் தருகிறது. பிடிஎஃப்பையே ஏ4 தாளுக்கு ஒன்று, ஆறு அங்குலத் திரைக்கு ஒன்று எனப் பிரித்திருக்கிறது. அச்சிட விரும்புபவரும் சிறுதிரையில் படிப்பவரும் தத்தமக்கு உரியதைத் திறக்காமலேயே அறிந்துகொள்கின்றனர்.

இனி இரண்டாவது செய்தி. இணைப்பில் `download` என்ற பண்பைச் சேர்த்தால், உலாவி கோப்பைத் திரையில் திறவாமல் நேரே சேமிக்கத் தொடங்கும். அதற்கு ஒரு மதிப்பையும் கொடுத்தால், சேமிக்கும் கோப்புக்கு அதுவே பெயராகும்.

```
<a href="pinnam.pdf" download="ஆண்டு4-கணிதம்-பின்னம்.pdf">
```

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப்பயன் ஒன்று உண்டு. வழங்கியில் உள்ள கோப்புக்கே தமிழ்ப்பெயர் இட்டால், முகவரியை நகலெடுத்துப் புலனத்தில் அனுப்பும்போது அது நீண்ட குறித்தொடராக மாறிவிடும். ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். 'பயிற்சி' என்ற சொல்லில் ஏழு குறிகள் உள்ளதால் அச்சொல் மட்டுமே 63 எழுத்தாகிவிடும். எனவே வழங்கியில் `pinnam.pdf` எனச் சுருக்கமாகவும், `download` மதிப்பில் முழுத் தமிழ்ப்பெயராகவும் வைப்பதே சிறந்த வழி. முகவரியும் சிறியதாக இருக்கும். பெற்றோரின் கைப்பேசியில் சேர்வதும் தமிழ்ப்பெயருடைய கோப்பாக இருக்கும்.

ஆயினும் இப்பண்புக்கு எல்லைகள் உள. கோப்பு, பக்கம் இருக்கும் அதே தளத்தில் இருந்தால்தான் இது வேலை செய்யும். வேறு தளத்தில் உள்ள கோப்புக்கு உலாவிகள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. குரோம் உலாவியும் 2018 முதல் அவ்வாறே நடந்துகொள்கிறது. நம் ஆசிரியர்களில் பலர் கோப்பைக் கூகள் டிரைவில் ஏற்றி, அதன் பகிர்வு இணைப்பைப் பள்ளிப் பக்கத்தில் இடுகின்றனர். அந்த இணைப்பில் `download` எழுதியும் கோப்பு இறங்கவில்லையே எனக் குழம்புவதற்குக் காரணம் இதுதான். மேலும், `/view` என முடியும் பகிர்வு முகவரி பிடிஎஃப் கோப்பே அன்று. அதைக் காட்டும் ஓர் இணையப் பக்கம். கோப்பை நேரே இறக்க வேண்டுமாயின் முகவரியை இவ்வாறு அமைக்கலாம். கடைசியில் கோப்பின் அடையாளக் குறி வரும்.

```
https://drive.google.com/uc?export=download&id=...
```

வழங்கியே கோப்புக்கு வேறொரு பெயரைச் சொல்லி அனுப்பினால், நாம் கொடுத்த பெயர் எடுபடாது என்பதையும் நினைவிற் கொள்க. பண்பு வேலை செய்கிறதா என அறிவது எளிது. சொடுக்கியவுடன் கோப்பு சேமிக்கப்பட்டு, நாம் இட்ட பெயர் தெரிந்தால் சரி. அதே சாளரத்தில் பிடிஎஃப் விரிந்தால், உலாவி அப்பண்பைப் புறக்கணித்துவிட்டது என்று பொருள். கைப்பேசியில் மட்டும் சோதித்து முடிவு செய்யாதீர்கள். பல ஆண்டிராய்டு கைப்பேசிகள் பண்பு இல்லாமலேயே பிடிஎஃப்பை இறக்கிவிடும். கணினியிலும் ஒருமுறை சொடுக்கிப் பார்ப்பதே தக்கது.

இவ்வளவும் தெரிந்தபின், எல்லா இணைப்பிலும் `download` சேர்த்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. அச்சிட்டு எழுதவேண்டிய பயிற்சித்தாளுக்கு அது தகும். பெற்றோர் அதைச் சேமிக்கவே வருகின்றனர். ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று பார்க்க வருபவர், ஒருமுறை கண்ணோட்டம் விட்டுச் செல்லவே வருகிறார். அவரிடம் கோப்பைத் திணித்தால், மூன்று முறை பார்த்தவர் கைப்பேசியில் ஒரே சுற்றறிக்கையின் மூன்று படிகள் (1), (2) என்ற குறியுடன் தேங்கிக் கிடக்கும். மாணவர் பெயர்ப்பட்டியலைப் பொதுக்கணினியில் திறந்தவர் தமக்குத் தெரியாமலே அதை அங்கு விட்டுச் செல்லவும் கூடும். திறந்து பார்க்கும் ஒருவர் வேண்டுமானால் தாமே சேமித்துக்கொள்ளலாம். சேமிக்கும் பொத்தான் உலாவியிலேயே இருக்கிறது. எனவே, அளவையும் வகையையும் எப்போதும் எழுதுவோம். `download` பண்பைத் தேவையறிந்து மட்டும் சேர்ப்போம்.

அளவை எழுதினால், கோப்பை மாற்றும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டுமே என்று சிலர் தயங்குவர். உண்மைதான். 320 கே.பி. என்று எழுதிய இடத்தில் 5 எம்.பி. கோப்பை ஏற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விடுவது, எதுவும் எழுதாமல் இருப்பதைவிடத் தீது. நம்பிச் சொடுக்குபவரை அது ஏமாற்றுகிறது. கோப்பை ஏற்றுபவரே அந்த வரியையும் திருத்த வேண்டும் என்று பள்ளியில் ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு.

இறுதியாக ஒன்று. சில வேளைகளில் இணைப்பை எழுதத் தொடங்கும்போதே அந்தக் கோப்பு தேவையில்லை என்பது விளங்கிவிடும். 'கூட்ட அறிவிப்பு (பிடிஎஃப், 2.1 எம்.பி., 1 பக்கம்)' என்று எழுதிப் பாருங்கள். நான்கு வரி அறிவிப்புக்கு இரண்டு மெகாபைட்டா என்று நமக்கே தோன்றும். அந்த நான்கு வரியைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்துவிடலாம். திரையில் படிக்க வேண்டியவற்றைப் பிடிஎஃப் ஆக்குவதை யாக்கோபு நீல்சன் 2003லேயே கடுமையாகக் கண்டித்திருக்கிறார். தமிழ் எழுத்துரு குறித்த அச்சம் நீங்கிவிட்ட இந்நாளில், நமக்கு அதற்கான சாக்கும் இல்லை.

உங்கள் பள்ளிப் பக்கத்தில் இருக்கும் 'இங்கே சொடுக்கவும்' என்பவற்றை இவ்வாரம் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையையும் மாற்றி எழுதியதையும் கீழே தெரிவித்தால் மகிழ்வேன்.