விற்கப்படும் விலையை வாங்கும்போதே சொல்லுங்கள்

2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நடந்த அன்று ஒரே நாளில் நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. பொதுத்துறைப் பங்குகள் பலவற்றில் அடி இன்னும் பலம். கைக்காசில் வாங்கியவர்கள் பொறுத்திருந்தார்கள். அடுத்த நாட்களில் சந்தை மீண்டது. கடனில் வாங்கியவர்கள் எல்லோருக்கும் பொறுத்திருக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

'மார்ஜின் டிரேடிங்' என்ற பெயரில் புரோக்கர்கள் கொடுப்பது பங்கை அடமானமாக வைத்துத் தரும் கடன்தான். ரூ.500 விலையுள்ள பங்கில் ஆயிரம் வாங்க ஒருவர் ரூ.1.5 லட்சம் போடுகிறார், மீதி ரூ.3.5 லட்சத்தைப் புரோக்கர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய பங்குகள் புரோக்கரிடம் அடமானத்தில் இருக்கும். வட்டி தினமும் ஏறும். பங்குகளின் சந்தை மதிப்பில் குறைந்தது 20 சதவீதமாவது வாடிக்கையாளரின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதில் ஏறி இறங்குவது பங்கின் விலை மட்டும். கடன் ரூபாய்க் கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே நட்டம் முழுவதும் வாடிக்கையாளர் போட்ட பணத்திலிருந்தே கழியும். விலை ரூ.437.50-க்கு வந்தால் மொத்த மதிப்பு ரூ.4,37,500, கடன் போக மிச்சம் ரூ.87,500, அதாவது சரியாக 20 சதவீதம். அதற்குக் கீழே போனால் மார்ஜின் கால் வரும்: பணம் கட்டுங்கள், இல்லையென்றால் விற்போம்.

விலை ரூ.420 ஆகிறது. 16 சதவீதச் சரிவுதான், ஆனால் போட்ட ஒன்றரை லட்சத்தில் மிஞ்சியது ரூ.70,000. அந்த விலைக்கு இருக்க வேண்டியது ரூ.84,000. பற்றாக்குறை வெறும் ரூ.14,000! பணமாகக் கட்டினால் அதோடு முடிந்தது. கட்டாவிட்டால் ரூ.14,000-க்கு விற்றால் போதாது. விற்ற காசு கடனைத்தான் குறைக்கும். சொந்தப் பணம் அதே ரூ.70,000-தான். அது 20 சதவீதம் ஆக வேண்டுமென்றால் கையிருப்பு மூன்றரை லட்சமாகச் சுருங்க வேண்டும். ரூ.70,000 மதிப்புள்ள பங்குகளை, பற்றாக்குறையைப் போல் ஐந்து மடங்கை, விற்றாக வேண்டும். சரிவு நாளில் ஒரே பங்கில் பலர் கணக்கிலும் இதே விற்பனை நடக்கும்போது விலை மேலும் இறங்கி, அடுத்த கணக்கையும் கீழே இழுக்கிறது.

இப்படி விற்பதைக் குறை சொல்ல முடியாது. கடன் கொடுத்தவர் தாமதித்தால், அடமானத்தின் மதிப்பு கடனுக்குக் கீழே போய்விடும். லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளே இல்லாமல் பங்கு பூட்டிக்கொண்டால், விற்ற பின்னும் மிஞ்சும் கடன் பாக்கியையும் வாடிக்கையாளரே கட்ட வேண்டும். நமது குறை வேறு. நகைக்கடனில் ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வரும், பத்திரிகையில் விளம்பரம் வரும். இங்கே சந்தை பலமாக ஆட்டம் கண்டால் பணத்தை உடனே கட்டச் சொல்லவும் முடியும்.

அந்த ரூ.437.50-ம் நிலையானதல்ல. 12 சதவீத வட்டியை மூன்று மாதம் கட்டாமல் விட்டால் பாக்கி சுமார் ரூ.3.6 லட்சம் ஆகும். மார்ஜின் கால் வரும் விலை ரூ.450-க்கு ஏறிவிடும். பங்கின் ஏற்ற இறக்கம் கூடினால் பங்குச்சந்தை அதற்கான மார்ஜின் விகிதத்தை உயர்த்தும். புரோக்கரும் தன் விகிதத்தை உயர்த்துவார். 20 சதவீதம் 25 ஆனால், ஆரம்பக் கடனுக்கே எல்லை சுமார் ரூ.467. நேற்று ரூ.460-இல் நிம்மதியாக இருந்தவருக்கு, விலை ஒரு பைசா அசையாமலே இன்று மார்ஜின் கால் வரலாம்.

அமெரிக்காவில் 1974 முதல், வாங்கும்போது இத்தகைய கடன் பங்கு மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே பங்கைப் பொறுத்து நாலு மடங்குவரை வாங்கலாம் என்று ஆப்பில் ஆசை காட்டுகிறார்கள். மடங்கைக் கொட்டை எழுத்தில் காட்டத் தெரிந்தவர்களுக்கு, விற்கப்படும் விலையைக் காட்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. கடனை 0.8-ஆல் வகுத்து, பங்குகளின் எண்ணிக்கையால் மீண்டும் வகுத்தால் வந்துவிடும்.

எஃப் அண்ட் ஓ வணிகத்தில் பத்தில் ஒன்பது தனிநபர்கள் நட்டப்படுகிறார்கள் என்ற எச்சரிக்கையை லாகின் செய்யும்போதே காட்ட வேண்டும் என்று செபி 2023-இல் உத்தரவிட்டது. கடனில் பங்கு வாங்குபவருக்கு அவரவர் கணக்கின் எண்ணையே காட்டச் செய்ய வேண்டும்: ஆர்டர் போடும் திரையில், 'இந்த விலைக்குக் கீழே போனால் உங்கள் பங்குகளை விற்போம்' என்று ரூபாயில். வட்டியோ விகிதமோ மாறும்போதெல்லாம் அந்த எண்ணும் மாற வேண்டும். புரோக்கர் தானாக விகிதத்தை உயர்த்தினால், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் குறைந்தது ஒரு வர்த்தக நாள் அவகாசமும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.