ஆற்றை கையெழுத்து?

“நோயாளியுடன் இதுபற்றிக் கதைப்பது அவருக்கு மனவேதனை தருமெனின், உறவினருடன் கதைத்து ஒப்பம் பெறவும்.”

தாதியியல் அறநெறி செமினார் ஒன்றில் குடுத்த நாலு பக்கத் தாளின் மூன்றாம் பக்கத்தில் இந்த வசனம் கிடக்குது. எங்கட குழுவில் தாதியர் பயிற்சியில் இருக்கிற தோழி ஒருத்தி கொண்டுவந்து தந்தவ. தாள் மோசமானதெண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. டீ.என்.ஆர். என்றால் என்ன, முன்பணிப்புரை என்றால் என்ன என்று தமிழில் விளக்க யாரோ உண்மையாகவே மினக்கெட்டிருக்கினம். ஆனால் இந்த ஒரு வசனம், மற்ற எல்லா நல்ல வசனங்களையும் தூக்கி விழுங்குது. நாங்கள் சண்டைக்கு வாறது இந்த வசனத்தோடைதான்.

முதலில் விசயத்தைச் சரியாகப் பிடிப்பம். இதயம் நின்றுபோன ஒருவருக்குச் செய்கிறதுதான் சீ.பி.ஆர். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிசத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அமத்த வேண்டும். சரியாகச் செய்தால் வயதான ஒருவரின் விலா எலும்பு முறிகிறது சாதாரணம். ரீ.வி. நாடகத்தில் பார்க்கிற மாதிரி, இரண்டு தரம் அமத்தினவுடன் இருமிக்கொண்டு எழும்பி இருக்கிறதில்லை. 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று ரீ.வி. தொடர்களைப் பார்த்து எண்ணினார்கள். நாடகத்தில் சீ.பி.ஆர். செய்யப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பிழைத்து வீடு போயிருந்தார்கள். நிசத்தில், வசதியான நாட்டு வைத்தியசாலையின் உள்ளே இதயம் நின்றவர்களில்கூட வீடு போகிறது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். புற்றுநோய் பரவி, உடம்பு ஓய்ந்துபோய்ப் படுக்கையில் கிடக்கிறவருக்கு அந்தக் கணக்கு இன்னும் எவ்வளவோ கீழே.

ஆகவே “இவருக்கு இதயம் நின்றால் அமத்த வேண்டாம்” என்று முடிவெடுக்கிறது கொடுமையான காரியம் அல்ல. பல நேரம் அதுதான் இரக்கம். டீ.என்.ஆர். சொல்வது அந்த ஒன்றை மட்டும்தான். சேலைன், அன்ரிபயோற்றிக், ஒட்சிசன், நோவுக்கு மோர்பின், வாய் துடைக்கிறது, பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறது, ஒன்றும் நிற்கக் கூடாது. தாளும் இதைச் சொல்லுது, ஆனால் நாலாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய வசனம் அது. ஏனென்றால் வாட்டில் நடக்கிற பிழை அங்கேதான் தொடங்கும். ரிக்கற்றில் அந்த மூன்று எழுத்தைக் கண்டவுடன் அந்தக் கட்டிலுக்குப் போகிற கால்கள் குறையும். பெல் அடித்தால் கடைசியாகப் போவினம். காய்ச்சல் அடித்தால் “இனி என்னத்துக்கு” என்று விடுவினம். அந்த நேரம் சீ.பி.ஆர். மட்டும் அல்ல, ஆளையே கைவிட்டாச்சு.

இரண்டாவது பிழை இதைவிட ஆழமானது. தாள் முன்பணிப்புரையையும் டீ.என்.ஆரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, “இறுதிக்கால ஆவணங்கள்” என்று தலைப்பு வைத்திருக்கு. இரண்டும் இரண்டு ஆக்களின் பேச்சு. முன்பணிப்புரை என்பது நோயாளி, நல்ல அறிவோடு இருக்கிற காலத்தில், “எனக்குப் பிறகு பேச ஏலாமல் போனால் இன்னின்ன வைத்தியம் வேண்டாம்” என்று தானே எழுதி வைக்கிறது. டீ.என்.ஆர். என்பது வைத்தியர் ரிக்கற்றில் எழுதுகிற மருத்துவ முடிவு. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் உளத் தகைமைச் சட்டம் முதலாவதைப் பிணிக்கும் ஆவணமாக வைத்திருக்கு. உயிர்காக்கும் வைத்தியத்தை மறுக்கிறதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் சாட்சியும் வேண்டும், “என் உயிருக்கு ஆபத்து வந்தாலும் இது செல்லும்” என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். மறுக்கத்தான் முடியும், இந்த வைத்தியம்தான் வேணும் என்று கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. தாள் இந்த நிபந்தனைகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கு, எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லாமல். இலங்கையில் முன்பணிப்புரைக்கென்று தனிச் சட்டம் இல்லை. படிக்கிற பிள்ளை நாளைக்கு வாட்டில் நின்று “சட்டம் இருக்கு” என்று சொல்லப் போகுது, பாவம்.

சரி, எங்கட வசனத்துக்கு வருவம். இங்கிலாந்தின் சட்டத்தை எடுத்தவர்கள், அதே நாட்டின் வழக்கொன்றையும் எடுத்திருந்தால் அந்த வசனம் தாளில் வந்திருக்காது.

ஜனட் ட்ரேசி என்ற 63 வயதுப் பெண். 2011 பெப்ரவரி தொடக்கத்தில் சுவாசப்பைப் புற்றுநோய் என்று தெரிய வருது. அதே மாதம் 19ஆம் தேதி கார் விபத்து, கழுத்தெலும்பு முறிவு. கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் வைத்தியசாலையில் சுவாச இயந்திரத்தில் போடுகிறார்கள். இயந்திரத்தை எடுக்க வேண்டிய நேரம் வந்தபோது, 27ஆம் தேதி, அவவின் கோப்பில் டீ.என்.ஆர். ஏறுது. அவவோடு யாரும் அதுபற்றிக் கதைக்கவில்லை. இயந்திரத்திலிருந்து வெளியில் வந்து கொஞ்சம் தேறுகிறா. அந்தத் தாள் கோப்பில் இருப்பதை மகள் பிறகுதான் அறிகிறா, அறிந்து அதிர்ந்து எதிர்க்கிறா. மார்ச் 2ஆம் தேதி அது ரத்தாகுது. பிறகு நிலைமை மோசமாகி, மார்ச் 5ஆம் தேதி, இந்த முறை குடும்பத்தோடு கதைத்து, இரண்டாவது டீ.என்.ஆர். எழுதப்படுது. ஏழாம் தேதி அவ இறக்கிறா.

கணவன் வழக்குப் போட்டார். “மனைவியைக் கொன்றுவிட்டார்கள்” என்பது அல்ல வழக்கு. முதல் தாள் எழுதினபோது ஏன் அவவைக் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி. 2014 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நோயாளியைக் கேட்கிறதுதான் இயல்பான நிலை, கேட்காமல் விடுகிறதுக்குத்தான் வலுவான காரணம் வேண்டும். மனவேதனை வரும் என்பது போதாது. உடலுக்கோ மனதுக்கோ உண்மையான தீங்கு வரும் என்று வைத்தியர் கருதினால் மட்டும் விடலாம். இந்த வைத்தியம் பயன்படாது என்று வைத்தியர் நினைத்தால் நோயாளி கேட்டாலும் செய்யத் தேவையில்லை என்பதையும் நீதிமன்றம் மாற்றவில்லை. ஆனால் அப்படி நினைக்கிறபோதுதான் சொல்ல வேண்டும், இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயம் கேட்க ஆளுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கட்டும் என்றது.

எங்கட தாளின் வசனத்தை இதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. நீதிமன்றம் போதாது என்று தள்ளின அதே காரணத்தை, தாள் விதியாக எழுதி வைத்திருக்கு.

“அது வெள்ளைக்காரன்ர கதை, எங்கட சனத்துக்குச் சரிவராது” என்ற பதில் வருமென்று தெரியும். எங்கட வீடுகளில் என்ன நடக்குது என்று எங்களுக்கும் தெரியும். அம்மம்மாவுக்குக் கான்சர் என்று ஊர் முழுக்கத் தெரியும், அம்மம்மாவுக்கு மட்டும் தெரியாது. “அவவுக்குச் சொல்லிப் போடாதீங்கோ டொக்டர், தாங்கமாட்டா” என்று வாட்டு வாசலில் நின்று மறிப்பினம். கனடாவில் இருக்கிற மாமா போனில் “எல்லாம் செய்யுங்கோ, காசு நான் அனுப்பிறன்” என்பார். இஞ்ச பக்கத்தில் இருந்து பீச்சட்டி எடுக்கிற சின்னம்மாவோ “இனி அவவை வருத்தாதையுங்கோ” என்பா. இரண்டு பேருக்கும் அன்புதான். ஆனால் எந்த உறவினரின் ஒப்பத்தை வாங்குகிறது? தாளில் இதுக்குப் பதில் இல்லை. வாட்டில் பதில் இருக்கு: ஆர் சத்தமாகக் கதைக்கினமோ அவையின்ர.

உறவினரைக் கேட்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நோயாளிக்குப் பேச ஏலாதபோது அவர்களைக் கேட்டே ஆக வேண்டும். அதே இங்கிலாந்தில் கார்ல் வின்ஸ்பியர் என்ற 28 வயது இளைஞன், மூளைவாதம் உள்ளவன், நெஞ்சில் கிருமித் தொற்றோடு சேர்க்கப்பட்டான். விடிய மூன்று மணிக்கு டீ.என்.ஆர். எழுதிவிட்டு, காலையில் குடும்பத்தோடு கதைக்கவும் என்று குறிப்பு வைத்தார்கள். தாய் எதிர்க்க, அது ரத்தாகுது. மகன் அன்றே இறந்துபோனான். தாயின் வழக்கில் 2015இல் உயர் நீதிமன்றம் சொன்னது, ஒரு போன் எடுக்கக் கூடியதாக இருந்தால் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் சாரம். ஆனால் அங்கேகூடத் தாயிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி “உங்களுக்கு என்ன விருப்பம்” அல்ல. “உங்கட மகன் பேசக் கூடியவனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பான்” என்பது. கேள்வி மாறினால் பதிலும் மாறும். “அம்மாவை விட்டுக்குடுக்க எனக்கு ஏலாது” என்று அழுகிற மகனே, “அம்மா என்ன சொல்லுவா?” என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, “அவ எப்பவும் படுக்கையில விழாமப் போகவேணும் எண்டுதான் சொல்லுறவ” என்பான்.

தாள் தொடாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் செய்ய வைக்கப்படுகிறது எங்கட தோழி மாதிரியான பிள்ளைகள். யாரும் யாரோடையும் கதைக்காமல், ரிக்கற்றில் ஒன்றும் எழுதாமல் விட்டால், இரவு இதயம் நிற்கும்போது என்ன நடக்கும்? ஆங்கிலத்தில் இதுக்கு ‘ஸ்லோ கோட்’ என்று பேர். மெதுவாக நடந்துபோய், திரையை இழுத்து, குடும்பம் பார்க்கச் சும்மா ரெண்டு நிமிசம் அமத்திவிட்டு, “எல்லாம் செய்து பார்த்தம்” என்கிறது. பயன் இருக்கென்றால் முழுசாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் செய்யக் கூடாது. நடிப்பு இரண்டுமில்லை. டொக்டர் வாயால் மட்டும் “அவருக்கு ஒன்றும் செய்யாதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனால், நடிக்கிற வேலை நைற் டியூட்டிப் பிள்ளையின் தலையில். விசாரணை வந்தால் அந்தப் பிள்ளையின் பேர்தான் வரும், வாய்ச் சொல்லுக்கு ரிக்கற்றில் அடையாளம் இராது. “எழுதித் தாங்கோ” என்று கேட்கிறதுக்கு அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கு என்று ஒரு அறநெறிச் செமினார் சொல்லாவிட்டால், வேறை ஆர் சொல்லுகிறது?

அந்தக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதும் பெரிய மர்மம் இல்லை. எந்த வைத்தியம் வேண்டாம், ஏன் வேண்டாம், நோயாளியோடு கதைத்ததா, கதைக்கவில்லையென்றால் ஏன், ஆரோடு எப்போது கதைத்தது, எழுதின டொக்டரின் பேர், மறுபடி எப்போது பார்க்கிறது. கடைசியைத்தான் எல்லாரும் மறக்கிறது. நியூமோனியாவோடு வந்தபோது எழுதினது, தேறி வீட்டுக்குப் போய் ஆறு மாதத்துக்குப் பிறகு கால் முறிந்து வந்தபோதும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரக் கூடாது.

நோயாளியோடு எப்படித் தொடங்குகிறது என்று தோழி கேட்டா. “செத்துப்போனால் என்ன செய்ய?” என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. “உங்கட வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விருப்பம் அம்மா? இல்லாட்டி ஆரோடை நாங்கள் கதைக்கவேணும் எண்டு நினைக்கிறீங்கள்?” என்று கேட்கலாம். “எல்லாம் என்ர பெரிய மகளிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு வேண்டாம்” என்று அவ சொன்னால் அதுவும் அவவின்ர முடிவு, ரிக்கற்றில் அப்படியே எழுதலாம். பெரிய மகள் போடுகிற கையெழுத்துக்கு அப்பதான் ஒரு அர்த்தம் வருது. அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு அந்தத் தாள் திரும்ப அச்சடிக்கப்படுமாம். மூன்றாம் பக்கத்தை அதுக்கு முதல் திருத்தச் சொல்லி, இந்த வழக்குகளின் விபரத்தோடு விரிவுரையாளருக்கு நாங்கள் கடிதம் எழுதியிருக்கிறம்.