கட்டு பிரிச்சாச்சு, வண்டி எடுக்கலாமா?

1/ "கட்டப் பிரிச்சாச்சுல்லா சார், இனி வண்டி ஓட்டலாம்லா?"

எட்டயபுரம் பக்கத்துல இருந்து வந்த ஒரு அண்ணாச்சி கேட்டார். வலது கணுக்கால் உடைஞ்சு, பிளேட் வெச்சு ஆபரேஷன், ஆறு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரேல எலும்பு நல்லாவே கூடியிருந்தது.

2/ "கொஞ்ச நாள் போகட்டும்"னு சொன்னேன். எத்தனை நாள், ஏன்னு சொல்லல. அது என் தப்பு.

நாலாவது நாள் காட்டுக்குப் போக பைக்கை எடுத்திருக்கார். கோவில்பட்டி ரோட்டுல ஆட்டு மந்தை குறுக்கே வந்திருக்கு. பிரேக்கை மிதிக்க கால் தயங்கிருச்சு. பதட்டத்துல முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்க, வண்டி சறுக்கிருச்சு. இப்போ வலது மணிக்கட்டுல கட்டு.

3/ எலும்பு கூடுறது வேற, பிரேக் மிதிக்கிற பலம் வேற. ஆறு வாரம் அசையாம இருந்த மூட்டு இறுகிப் போயிருக்கும், கெண்டைக்கால் சதை வத்தியிருக்கும். மெதுவா நடக்க அது போதும். சட்டுனு ஓங்கி மிதிக்கப் போதாது. பைக்ல பின் பிரேக், கார்ல பிரேக், ரெண்டுமே வலது காலோட வேலை.

4/ வலது கணுக்கால் ஆபரேஷன் ஆனவங்களை வெச்சு அமெரிக்காவுல செஞ்ச ஆய்வு 2003-ல வந்தது. பிரேக் போடுற வேகம் பழைய நிலைக்குத் திரும்ப, ஆபரேஷன்ல இருந்து சுமார் 9 வாரம் ஆச்சு. அதுவும் கார் பிரேக்குக்கு. காலை ஊன்றி நடக்கவே தாமதமானவங்களுக்கு இன்னும் அதிக நாள் ஆகும்.

5/ மணிக்கு 60 கி.மீ. வேகத்துல, கால் 0.3 நொடி தாமதிச்சா வண்டி கூடுதலா 5 மீட்டர் போயிரும். தூத்துக்குடி - மதுரை நாலு வழிச்சாலையில அந்த 5 மீட்டர்ல ஒரு ஆள் நிக்கலாம்.

6/ அப்போ எப்போ எடுக்கலாம்? கட்டு இருக்கிற வரை கூடவே கூடாது. பிரிச்ச பிறகு, கம்பு இல்லாம, நொண்டாம நடக்கணும். அடிபட்ட ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்க முடியணும். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைச்சிட்டு, பிரேக்கைப் பத்து தடவை ஓங்கி மிதிச்சுப் பாருங்க. ஒரு தடவை வலிச்சாலும், கால் தயங்கினாலும் இன்னும் நாள் ஆகலை. எல்லாம் சரியா வந்தாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.

7/ "இடது கால்தானே"ன்னு நினைக்காதீங்க. கியர் மாத்துறதும், வண்டி நிக்கும்போது பெரும்பாலும் தரையில ஊன்றுறதும் அந்தக் கால்தான். மழைக்கு வழுக்குற கரிசல்ல அது மடங்கினா வண்டி உங்க மேலதான் விழும். தூக்கம் வர்ற வலி மாத்திரை சாப்பிடுற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க.

8/ ஓட்டுற நிலையில உடம்பு இல்லைனு தெரிஞ்சே ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவுல முதல் தடவை 1,000 ரூபாய் வரை அபராதம். ஆனா அந்தப் பொறுப்பை நோயாளி தலையில மட்டும் கட்டுறது நியாயமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை எழுதுறோம், ரிவ்யூ தேதி எழுதுறோம். "எப்போ வண்டி ஓட்டலாம்"னு ஒரு வரியும் நாங்க எழுதணும். நான் எழுத ஆரம்பிச்சுட்டேன். உங்க சீட்டுல இல்லைன்னா கேட்டு வாங்குங்க.